மூன்றுக்கு இரண்டு: ஒரே மூலத்தில் பிறந்த இரு கிளாக்குகளுக்கு நடுவே

போர்டு குளிர்ந்திருக்கும்வரை எந்தப் பிழையும் வரவில்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு சோதனைப் பதிவில் பிழைகள் வர ஆரம்பித்தன. அவற்றை வரிசையாக அச்சிட்டுப் பார்த்தபோது, தவறிய எண்களின் வரிசை எண்கள் எல்லாமே ஒற்றைப்படையாக இருந்தன. மின்சாரத்தை நிறுத்தி மறுபடி இயக்கினோம். இந்த முறை தவறியவை எல்லாம் இரட்டைப்படை. எப்படியானாலும் ஒன்று விட்டு ஒன்றுதான் கெட்டது. நடுவில் வந்த எண் ஒருமுறைகூடக் கெடவில்லை.

அது ஒரு எஃப்பிஜிஏ வடிவமைப்பு. கணக்கிடும் பகுதி 150 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடியது. நினைவகத்தோடு பேசும் பகுதி 100 மெகாஹெர்ட்ஸில். நடுவில் 64 பிட் அகலத்தில் தரவு கடந்தது. இரண்டு கிளாக்குகளும் ஒரே பிஎல்எல்லில் பிறந்தவை. உள்ளே 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அலையை 6 ஆல் வகுத்தால் ஒன்று, 9 ஆல் வகுத்தால் மற்றொன்று. இரண்டு வகுப்பான்களும் ஒரே கணத்தில் எண்ணத் தொடங்குவதால், 18 அலைகளுக்கு ஒருமுறை, அதாவது 20 நானோவினாடிக்கு ஒருமுறை, இரு கிளாக்குகளின் ஏறுவிளிம்புகளும் ஒன்றாக வந்து நிற்கும். அப்பா இரண்டு அடி வைப்பதற்குள் பிள்ளை மூன்று அடி வைத்து, மறுபடி இருவர் காலும் சேர்ந்து தரையில் படுவதைப் போல.

இப்படிப்பட்ட கடப்புக்குப் பலர் உடனே சின்க்ரோனைசரைத் தேடுவார்கள். இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வைத்த சின்க்ரோனைசர், பெறும் பக்கத்துக்கு அனுப்பும் பக்கத்தின் விளிம்பு எப்போது வரும் என்றே தெரியாத நிலைக்காகப் பிறந்தது. சமிக்ஞை மாறும் கணத்திலேயே அதைப் படிக்க நேர்ந்தால் ஃபிளிப்-ஃபிளாப் சிறிது நேரம் 0 என்றும் 1 என்றும் சொல்லாமல் தத்தளிக்கும். அது அடங்குவதற்கு ஒரு சுற்று அவகாசம் தருவதே அதன் வேலை. அதற்கு விலை உண்டு. மாற்றம் இந்தச் சுற்றில் தெரியுமா அடுத்த சுற்றில் தெரியுமா என்பது உறுதியில்லை. அதனாலேயே 64 பிட்டுகளை 64 சின்க்ரோனைசர்கள் வழியே அனுப்ப முடியாது. சில பிட்டுகள் பழைய எண்ணைச் சேர்ந்தவையாகவும் சில புதிய எண்ணைச் சேர்ந்தவையாகவும் வந்து சேரும். அதைத் தவிர்க்க, வந்த வரிசையிலேயே எண்களைத் தரும் இரு கிளாக் ஃபைஃபோ வைத்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் பல சுற்றுத் தாமதம் கூடுகிறது. நம்முடைய கிளாக்குகளிலோ எந்த விளிம்பு எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல நடத்துவது வீண்செலவு.

தெரிந்ததை எழுதிப் பார்க்கலாம். வேகமான கிளாக்கின் விளிம்புகள் 0, 6.67, 13.33 நானோவினாடிகளில் வருகின்றன. 20இல் மறுபடி தொடக்கம். மெதுவான கிளாக்கின் விளிம்புகள் 0, 10 ஆகியவற்றில். வேகமான பக்கம் எல்லா விளிம்பிலும் தரவை மாற்றினால், 6.67இல் புறப்பட்டது 10இல் பிடிக்கப்பட வேண்டும். இடையில் இருப்பது 3.33 நானோவினாடி மட்டுமே. நேரப் பகுப்பாய்வுக் கருவி இயல்பாகவே இந்த மிக நெருக்கமான சோடியைத்தான் தேடி எடுக்கும். நடுவே கொஞ்சம் தேர்வு லாஜிக்கும் நீண்ட கம்பியும் இருந்தால் 3.33 போதாது, எங்கள் வடிவமைப்பிலும் போதவில்லை.

ஆனால் எல்லா விளிம்பிலும் அனுப்ப வேண்டிய தேவை என்ன? மெதுவான பக்கம் 20 நானோவினாடியில் இரண்டு முறைதான் வாங்கிக்கொள்ளும். மூன்று விளிம்புகளில் ஒன்றை விட்டுவிடத்தான் வேண்டும் என்றால், எதை விடுவது என்பதை நாம் முடிவு செய்யலாம். 6.67ஐ விட்டுவிடுவோம். அப்போது 0இல் புறப்பட்ட எண் 10இல் பிடிக்கப்படும். அதற்குக் கிடைப்பது 10 நானோவினாடி. 13.33இல் புறப்பட்டது 20இல் பிடிக்கப்படும். அதற்குக் கிடைப்பது 6.67. ஒரு எண்ணும் தொலையவில்லை, வேகமும் குறையவில்லை, நெருக்கடி மட்டும் பாதியாகிவிட்டது. தத்தளிப்புக்கு இங்கே இடமே இல்லை. அந்தந்த விளிம்பில் புறப்படும் எண் எப்போதும் அதே தாமதத்தோடு போய்ச் சேரும்.

எதிர்த்திசையில் விடவேண்டிய விளிம்பு வேறு. மெதுவான பக்கம் 0இலும் 10இலும் அனுப்புகிறது. 0இல் புறப்பட்டதை வேகமான பக்கம் 6.67இல் பிடிக்கலாம். 10இல் புறப்பட்டதை 13.33இல் பிடித்தால் மறுபடி 3.33 தான், அதை விட்டு 20இல் பிடித்தால் 10 கிடைக்கும். ஆக, அனுப்பும்போது விடவேண்டியது நடு விளிம்பை, வாங்கும்போது விடவேண்டியது மூன்றாவது விளிம்பை. எந்த விளிம்பில் வேலை செய்யலாம் என்று ரெஜிஸ்டருக்குச் சொல்லும் எனேபிள் துடிப்பு ஒன்று போதாது, திசைக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். ஆர்ம் நிறுவனத்தின் PL310 என்ற இரண்டாம் நிலை கேச் கட்டுப்படுத்தி 1.5:1 போன்ற அரை விகிதங்களை ஏற்கிறது. அதன் ஒவ்வொரு இணைப்பிலும் INCLKEN, OUTCLKEN என்று உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி எனேபிள் கால்கள் இருக்கின்றன. முழு எண் விகிதங்களுக்கு ஒரே எனேபிள் போதுமே, இங்கே ஏன் இரண்டு என்று முதலில் அதைப் படித்தபோது எனக்குப் புரியவில்லை. மேலே உள்ள விளிம்புகளைத் தாளில் வரைந்த பிறகுதான் விளங்கியது. இந்த விகிதம் புதிதும் அல்ல: 1994இல் வந்த 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியம், 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸோடு இதே மூன்றுக்கு இரண்டில்தான் ஓடியது.

அடுத்த கேள்வி: வேகமான பக்கத்துக்குத் தான் இப்போது எந்த விளிம்பில் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? ரீசெட்டுக்குப் பிறகு 0, 1, 2 என எண்ணும் எண்ணியை வைத்தால் போதாது. எண்ணத் தொடங்கிய விளிம்பு மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். நான் விரும்பும் வழி இது. மெதுவான பக்கத்தில் ஒரு பிட் ஒவ்வொரு விளிம்பிலும் தலைகீழாகட்டும். அதை வேகமான பக்கம் ஒவ்வொரு விளிம்பிலும் படிக்கட்டும். அந்த பிட் 0 முதல் 10 வரை 1 ஆகவும், 10 முதல் 20 வரை 0 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். 6.67இல் படித்தால் 1, 13.33இல் படித்தால் 0. 20இல் படித்தால், பிட் மாறத் தொடங்கும் கணத்தில் இன்னும் பழைய மதிப்புத்தான் இருக்கும், அதனால் 0. பிட் நேர்மாறாகத் தொடங்கியிருந்தால் 0, 1, 1 என்று கிடைக்கும். இரண்டிலுமே மூன்றில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. அந்தத் தனித்தது எப்போதும் 6.67இல் படித்ததே. பிட் எந்த மதிப்பில் தொடங்கியது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

```verilog
always @(posedge clk100)
  if (rst100) tog <= 1'b0;
  else        tog <= ~tog;

wire odd = (q2 != q1) && (q2 != q3);

always @(posedge clk150) begin
  q1 <= tog;  q2 <= q1;  q3 <= q2;
  odd_d1 <= odd;
  odd_d2 <= odd_d1;
end

wire tx_en = seen & ~odd_d1;
wire rx_en = seen & ~odd_d2;
```

13.33 விளிம்புக்குப் பிறகு `q1`இல் இருப்பது 13.33இல் படித்தது, `q2`இல் 6.67இல் படித்தது, `q3`இல் 0இல் படித்தது. நடுவில் உள்ளது இரு பக்கத்து மதிப்புகளோடும் மாறுபடுவதால் `odd` உயர்கிறது. அடுத்து வரும் 20இன் விளிம்பு வரை உயர்ந்தே இருக்கிறது. மற்ற இரண்டு இடைவெளிகளிலும் `q2` தன் அண்டை மதிப்பு ஒன்றோடு ஒத்துப்போவதால் `odd` தாழ்ந்திருக்கும். ஆக, `odd` உயர்ந்திருக்கும்போது வரும் விளிம்புதான் இரு கிளாக்கும் சேரும் விளிம்பு. ஒரு சுற்றுத் தாமதித்தால் 6.67இன் விளிம்பு, அதைத்தான் `tx_en` விடுகிறது. இரண்டு சுற்றுத் தாமதித்தால் 13.33இன் விளிம்பு, அதை `rx_en` விடுகிறது.

`seen` என்ற பிட் முதல் முறை `odd` உயர்ந்ததும் எழுந்து அப்படியே நிற்கும். அதற்கான வரிகளை இங்கே எழுதவில்லை. அது இல்லாவிட்டால் ரீசெட்டில் `tog` அசையாமல் இருக்கும்போது `odd` ஒருபோதும் உயராது, எனேபிள்கள் இரண்டும் எல்லா விளிம்பிலும் திறந்தே இருக்கும். அந்தச் சில சுற்றுகளில் யாராவது தரவை அனுப்பினால் 3.33இல் போய்ச் சேர முயலும். சிமுலேஷனில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே கம்பிகளுக்குத் தாமதம் இல்லை.

இத்தனை ஏற்பாட்டிலும் 3.33 நானோவினாடி நெருக்கடி ஒரே ஒரு பாதையில் மீதமிருக்கிறது: `tog`இலிருந்து `q1`க்கு. அது ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து இன்னொன்றுக்கு, நடுவில் லாஜிக் ஏதும் இல்லாமல் போகும் ஒற்றை பிட். இரண்டையும் அருகருகே வைத்தால் எளிதாகப் போய்ச் சேரும். அதன் மீது எந்த விலக்கும் எழுதக் கூடாது. கருவி அதை 3.33க்கே சோதிக்கட்டும். 64 பிட்டின் நெருக்கடியை ஒரு பிட்டுக்கு மாற்றிவிட்டோம் என்பதே இந்த முறையின் முழு லாபம்.

இனி அந்தப் போர்டுக்கு வருகிறேன். எனேபிள்கள் சரியாகவே இருந்தன. தவறு கருவிக்குச் சொன்ன கட்டளையில் இருந்தது. எனேபிள் என்பது என்ன என்று நேரப் பகுப்பாய்வுக் கருவிக்குத் தெரியாது, அது 6.67இல் புறப்படும் தரவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு 3.33 போதவில்லை என்று குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த விளிம்பில் ஒன்றும் புறப்படாது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குக் கைக்கு வருவது `set_multicycle_path`. குழுவில் ஒருவர் அதை இப்படி எழுதியிருந்தார், `$tx` என்பது அனுப்பும் ரெஜிஸ்டர்கள், `$rx` என்பது பிடிக்கும் ரெஜிஸ்டர்கள்:

```tcl
set_multicycle_path 2 -setup -start -from $tx -to $rx
set_multicycle_path 1 -hold  -start -from $tx -to $rx
```

பார்த்தால் பாடப்புத்தகத்தில் உள்ளது போலவே இருக்கிறது. புறப்படும் விளிம்பை ஒரு வேகமான சுற்று முன்னால் தள்ளு, பிடித்த உடனேயே தரவு மாறிவிடுகிறதா என்று பார்க்கும் ஹோல்ட் சோதனையைப் பழைய இடத்துக்கே கொண்டுவா. கருவி இதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் விஷயம். அது முதலில் மிக நெருக்கமான சோடியை எடுக்கிறது: 6.67இலிருந்து 10. புறப்பாட்டை ஒரு சுற்று முன்னால் தள்ளுகிறது: 0இலிருந்து 10. இப்போது அந்தப் பாதைகள் எல்லாவற்றுக்கும் அனுமதி 10 நானோவினாடி. 13.33இல் புறப்பட்டு 20இல் பிடிபட வேண்டிய எண்ணுக்கு உண்மையில் இருப்பது 6.67 தான் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. `-start` என்று எழுதாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம்: கருவி பிடிக்கும் பக்கத்தின் சுற்றைக் கூட்டி 13.33 கொடுத்திருக்கும். 20 நானோவினாடிக்கு ஒரு எண் மட்டும், அதுவும் 0இல் மட்டும் அனுப்புவதாக இருந்தால் `-start` உள்ள அந்தக் கட்டளை முற்றிலும் சரி. நாங்கள் அனுப்பியது இரண்டு.

கருவியின் அறிக்கையில் மிக மோசமான பாதை 7.9 நானோவினாடி. 10 அனுமதி என்பதால் பச்சை நிறத்தில் தேறியிருந்தது. அறிக்கை சொல்வது மிக மெதுவான சில்லு, மிக மோசமான வெப்பம், மிகக் குறைந்த மின்னழுத்தம் ஆகியவற்றுக்கான கணக்கு. மேசை மேல் இருக்கும் சில்லு அதைவிட வேகமானது. குளிர்ந்த நிலையில் 6.67க்குள் போய்ச் சேர்ந்தது, சூடானதும் கொஞ்சம் தாண்டியது. 0இல் புறப்பட்ட எண்ணுக்கு 10 இருந்ததால் அது ஒருபோதும் தவறவில்லை. ஒன்று விட்டு ஒன்று கெட்டதன் காரணம் அதுதான். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது, முதல் எண் எந்த விளிம்பில் கிளம்பியது என்பதைப் பொறுத்து, இயக்கும்போதெல்லாம் மாறியது.

இதை அறிக்கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை; கெட்ட பிட்டுகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். 20இன் விளிம்பில் இரண்டு விதமான தவறுகள் நேரலாம். தரவு தாமதமாக வந்தால் செட்டப் தவறும். இரு கிளாக்கும் சேரும் அதே கணத்தில் அடுத்த எண்ணும் புறப்படுவதால், மெதுவான கிளாக் கொஞ்சம் பிந்தி வந்தால் அடுத்த எண்ணையே பிடித்துவிடும். அது ஹோல்ட் தவறு. இரண்டுமே ஒன்று விட்டு ஒன்றைத்தான் கெடுக்கும், ஆகவே அந்த அடையாளத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் கெட்ட பிட்டின் மதிப்பு உண்மையைச் சொல்லிவிடும். எங்கள் சோதனை எண்ணின் கீழ்ப்பகுதியில் வரிசை எண்ணும் மேல்பகுதியில் ஒழுங்கின்றி மாறும் பிட்டுகளும் இருந்தன. கெட்ட பிட் ஒவ்வொன்றையும் முந்தைய எண்ணோடும் அடுத்த எண்ணோடும் ஒப்பிட்டோம். எல்லாமே முந்தைய எண்ணின் மதிப்போடு பொருந்தின. புதியது வந்து சேர்வதற்குள் பழையதைப் பிடித்திருக்கிறது என்று பொருள். அடுத்த எண்ணோடு பொருந்தியிருந்தால் ஹோல்ட் பக்கம் தேடியிருப்போம். உறுதி செய்ய பிஎல்எல்லின் பெருக்கியை 9இலிருந்து 8க்குக் குறைத்தோம். இரண்டு கிளாக்கும் அதே விகிதத்தில் மெதுவாகி, 6.67 என்பது 7.5 ஆனது. போர்டு எவ்வளவு சூடானாலும் பிழை வரவில்லை. ஹோல்ட் தவறாக இருந்தால் இந்த மாற்றத்தால் அது நீங்கியிருக்காது. அது சுற்றின் நீளத்தைச் சார்ந்ததே அல்ல.

சரியான கட்டளை, அனுமதியை எண்ணாகவே சொல்வது:

```tcl
set_max_delay 6.666 -from $tx -to $rx
```

இது செட்டப்பை மட்டும் மாற்றுகிறது. ஹோல்ட் சோதனை கருவி இயல்பாகக் கண்டறிந்த இடத்திலேயே, அதாவது சேரும் விளிம்பில் பூஜ்யத்திலேயே நிற்கிறது. அங்கேதான் நிற்கவும் வேண்டும். விவாடோ என்ற எஃப்பிஜிஏ கருவியில் இதோடு `-datapath_only` சேர்ப்பது பலருக்குக் கைப்பழக்கம். அதை இங்கே சேர்க்கக் கூடாது. அது இரு கிளாக்குகளும் வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கணக்கிலிருந்து நீக்குவதோடு ஹோல்ட் சோதனையையும் நிறுத்திவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற கிளாக்குகளுக்காக வந்த விருப்பம் அது. விளிம்புகள் சேர்ந்து நிற்பதையே நம்பி வாழும் இந்த முறைக்கு நஞ்சு. அதே காரணத்தால் இரு கிளாக்குகளையும் தொடர்பற்ற குழுக்கள் என்று அறிவிக்கும் வரி எங்காவது மிச்சமிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் மேலே எழுதியது எதுவும் சோதிக்கப்படாது, அறிக்கை மட்டும் அமைதியாக இருக்கும். எதிர்த்திசைப் பாதைகளுக்கும் இதே 6.666 தான்.

புதிய கட்டளையோடு ஓட்டியதும் கருவி 7.9 பாதையைச் சிவப்பில் காட்டியது. அந்தப் பாதையில் இருந்த தேர்வு லாஜிக்கை, அனுப்பும் ரெஜிஸ்டருக்கு முன்னால், வேகமான பக்கத்துக்கு உள்ளேயே நகர்த்தினோம். கடக்கும் இடத்தில் ரெஜிஸ்டரிலிருந்து ரெஜிஸ்டருக்கு வெறும் கம்பிதான் மிஞ்சியது. சூட்டிலும் போர்டு பிழையின்றி ஓடியது.

இந்த முறை நிற்கும் தரை ஒன்றுதான்: இரு கிளாக்கும் ஒரே அலையிலிருந்து, தெரிந்த கட்டத்தில் பிறக்க வேண்டும். ஒரே படிகத்திலிருந்து இரண்டு தனித்தனி பிஎல்எல்கள் வழியே வந்தால் விகிதம் துல்லியமாக இருக்கும், ஆனால் விளிம்புகள் எங்கே சேரும் என்பதற்கு உத்தரவாதம் தானாகக் கிடைக்காது. மின்சாரம் சேமிக்க ஒரு கிளாக்கின் வேகத்தை ஓட்டத்திலேயே மாற்றும் அமைப்பிலும் இது செல்லாது. அங்கே ஃபைஃபோதான் சரி, அதன் தாமதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். சிப் வடிவமைப்பில் இரு கிளாக் மரங்களையும் ஒன்றோடொன்று சமப்படுத்த வேண்டியிருக்கிறது. மரங்கள் தனித்தனியே வளர்ந்தால் சேரும் விளிம்பில் ஹோல்டைக் காப்பாற்ற எல்லா பிட்டுகளிலும் பஃபர்கள் திணிக்க வேண்டிவரும், அவை 6.67இலிருந்து நேரத்தைத் தின்னும்.

அதனால் ஒரு காவலையும் சேர்த்தே வைக்கிறேன். `odd` மூன்று சுற்றுக்கு ஒருமுறை, தவறாமல் உயர வேண்டும். இரண்டாவது சுற்றில் உயர்ந்தாலும், மூன்றாவதில் உயராவிட்டாலும், ஒரு பிழை பிட் எழுந்து மென்பொருள் அழிக்கும்வரை நிற்கும். சில மாதங்கள் கழித்து வேறொரு தேவைக்காக வேகமான கிளாக்கை 125 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கட்டிய ஒரு பதிப்பு வந்தது. விகிதம் ஐந்துக்கு நான்காகிவிட்டது. `tog`ஐப் படித்தால் 1, 0, 1, 0, 0 என்று வரும், தனித்து நிற்பது ஒன்றல்ல, பல. சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே அந்த பிட் எழுந்து நின்றது.